இன்றிரவு எத்தனையாவது இரவு? பெங்களூரில் தனியாக முதல் ரமலானைக் கழிப்பவர்களுக்கு

பெங்களூருக்கு வேலைக்கு வந்த முதல் வருடம், லைலத்துல் கத்ரைத் தேடி நான் ஒரு நாள் தாமதமாகப் போனேன். டேனரி ரோடு பக்கம் ஒரு அறையில் மூன்று பேராகத் தங்கியிருந்தோம். 21ஆம் நோன்பைத் திறந்துவிட்டு, குளித்து, அத்தர் பூசி, அன்றிரவு முழுக்க விழித்திருக்கும் எண்ணத்தோடு பள்ளிவாசலுக்குக் கிளம்பினேன். தராவீஹ் முடிந்தது, வித்ரு முடிந்தது, ஆட்கள் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு போய்விட்டார்கள். மோதினார் ஒவ்வொரு மின்விசிறியாக அணைத்துக்கொண்டு வந்தார். மூலையில் குர்ஆனோடு உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்து, வெளியேறிக்கொண்டிருந்த ஒரு பெரியவர் உருதுவில் சொன்னார்: "தாக் ராத் கல் தீ, பேட்டா." ஒற்றை இரவு நேற்றே போய்விட்டதாம்.

ஊரில் இருந்தவரை நான் இந்தக் கணக்கைப் போட்டதே இல்லை. உம்மா எழுப்புவார், நான் எழுவேன். எண்ணுகிற வேலை அவருடையது. வெளியூரில் தனியாக இருக்கும்போது அந்த எண்ணிக்கை நம் தலையில் விழுகிறது. பெரும்பாலானவர்கள் தவறுவது தொழுகையில் அல்ல, இந்த எண்ணிக்கையில்தான். அதனால் இந்தக் கட்டுரையில் பாதிக்கு மேல் கணக்குதான்.

இரவு முதலில், பகல் அடுத்து

இஸ்லாமிய நாள் நள்ளிரவில் தொடங்குவதில்லை, சூரியன் மறைந்ததும் தொடங்குகிறது. முதலில் இரவு வரும், அதன் பின்னால் அந்த இரவுக்குரிய பகல் வரும். இது நமக்கு ஏற்கெனவே தெரியும். பிறை பார்த்த அன்று மாலை முதல் தராவீஹ் தொழுகிறோம், மறுநாள் காலைதான் முதல் நோன்பு. ஒன்றாம் இரவு, பிறகு ஒன்றாம் நோன்பு. 20 நாள் கழித்து அதே ஒழுங்கை மறந்துபோகிறோம், அவ்வளவுதான்.

ஆக, 20ஆம் நோன்பைத் திறக்கும் அந்த மாலையில் 21ஆம் இரவு தொடங்கிவிடுகிறது. 26ஆம் நோன்பைத் திறந்தால் அன்றிரவு 27. ஒற்றைப்படை இரவு வேண்டுமானால் இரட்டைப்படை நோன்பைத் திறந்த மாலையைப் பிடிக்க வேண்டும். நான் செய்தது நேர் எதிர். 21ஆம் நோன்பைத் திறந்துவிட்டு 22ஆம் இரவில் போய் உட்கார்ந்திருந்தேன்.

இரவு எதுவரை? அதைக் குர்ஆனே சொல்லிவிடுகிறது. 97ஆம் அத்தியாயமான அல்கத்ர் மொத்தம் ஐந்தே வசனங்கள். அந்த இரவு ஆயிரம் மாதங்களைவிடச் சிறந்தது என்பது மூன்றாவது வசனம். ஆயிரம் மாதத்தை வருடமாக்கினால் 83 வருடமும் 4 மாதமும். விடியல் உதயமாகும்வரை அது சாந்தி என்பது கடைசி வசனம். மஃரிப் தொடங்கி ஃபஜ்ரின் விடியல் வரை முழுவதும் அந்த இரவுதான். 12 மணி அடித்ததும் தொடங்குவதாக நினைத்து மஃரிபையும் இஷாவையும் அவசரமாக முடித்துவிட்டு, நடுநிசிக்காகக் காத்திருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அதற்குள் அவர்கள் இரவில் பாதியைச் செலவழித்துவிட்டிருப்பார்கள்.

யாருடைய பிறை?

அடுத்த சிக்கல் செல்போனில் இருக்கிறது. துபாயில் இருக்கும் மச்சான் "இன்று 27ஆம் இரவு, துஆ செய்யுங்கள்" என்று வாட்ஸ்அப்பில் ஸ்டேட்டஸ் வைப்பார். இங்கே அன்று 26. வளைகுடாவில் பெரும்பாலும் நமக்கு ஒரு நாள் முன்பே நோன்பு தொடங்கிவிடும். சில வருடங்களில் கேரளமும் முந்திவிடும். பெங்களூரில் உங்கள் அறையிலேயே ஒரு மலையாளி நண்பர் இருந்தால் ஒரே கூரைக்குக் கீழே இரண்டு கணக்கு ஓடும்.

நீங்கள் எந்த ஊரில் இருக்கிறீர்களோ அந்த ஊர் ஜமாஅத்தோடு நோன்பைத் தொடங்கி, அவர்களோடு பெருநாள் கொண்டாடுவதுதான் பெரும்பாலான உலமாக்கள் சொல்வது. இரவுகளின் எண்ணிக்கையும் அதே கணக்குதான். செல்போனில் வரும் ஹிஜ்ரி நாள்காட்டியை நம்பாதீர்கள். பல செயலிகள் கணக்கிட்டு வைத்த தேதியைக் காட்டும், பிறை பார்த்து அறிவித்த தேதியை அல்ல. அதில் ஒரு நாள் கூட்டவோ குறைக்கவோ ஓர் அமைப்பு இருக்கும். அதைத் தேடிச் சரிசெய்வதைவிட, நீங்கள் தொழும் பள்ளியில் ஒருவரிடம் கேட்பது சுலபம்.

இங்கே ஒரு சொல்லைத் தெரிந்துகொள்வது நல்லது. பெங்களூர்ப் பள்ளிகள் பலவற்றில் அறிவிப்பு உருதுவில்தான். ஒற்றைப்படை இரவை அவர்கள் "தாக் ராத்" என்பார்கள். லைலத்துல் கத்ர், "ஷபே கத்ர்". 20ஆம் நோன்பன்று அஸர் தொழுகை முடிந்ததும் "ஆஜ் இக்கீஸ்வீ ஷப் ஹை" என்று காதில் விழுந்தால், இன்று மாலை தொடங்குவது 21ஆம் இரவு என்று பொருள். அந்த ஒரு வரி புரிந்திருந்தால் நான் மோதினாரைக் காக்க வைத்திருக்க மாட்டேன்.

2025ஐ வைத்து ஒரு கணக்கு

சூத்திரமாகச் சொன்னால் தலை சுற்றும், ஒரு வருடத்தை எடுத்துப் போட்டுப் பார்ப்போம். 2025இல் இந்தியாவில் பிறை தெரிந்தது மார்ச் 1, சனிக்கிழமை மாலை. முதல் நோன்பு மார்ச் 2, ஞாயிறு. அப்படியென்றால் 20ஆம் நோன்பு மார்ச் 21, வெள்ளிக்கிழமை. அன்று மாலை ஆறரைக்கு நோன்பு திறந்ததும் 21ஆம் இரவு தொடங்கியது. 23ஆம் இரவு மார்ச் 23 ஞாயிறு மாலை, 25ஆம் இரவு மார்ச் 25 செவ்வாய் மாலை, 27ஆம் இரவு மார்ச் 27 வியாழன் மாலை, 29ஆம் இரவு மார்ச் 29 சனி மாலை.

அந்த வருடம் மாலையின் ஆங்கிலத் தேதியும் இரவின் எண்ணும் ஒன்றாகவே அமைந்தது தற்செயல். அதை நம்பி மறு வருடமும் தேதியைப் பார்த்துக் கிளம்பினால் ஏமாந்துபோவோம்.

துபாயில் அதே வருடம் முதல் நோன்பு மார்ச் 1. அவர்களுக்கு 27ஆம் இரவு மார்ச் 26, புதன் மாலையே வந்துவிட்டது. இப்போது மார்ச் 20ஆம் தேதி அங்கே 20ஆம் நோன்பைத் திறந்துவிட்டு ஒருவர் விமானம் ஏறுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏறும்போது அவருக்கு அது 21ஆம் இரவு. பெங்களூரில் இறங்கினால் இங்கே அது 20ஆம் இரவுதான். மறுநாள் மாலை இந்த ஊரின் 21ஆம் இரவு அவருக்கு இன்னொரு முறை வரும். இங்குள்ளவர்களோடு மார்ச் 30 வரை நோன்பு வைத்தால் அவருக்கு மொத்தம் 30 நோன்பு, நமக்கு 29. மார்ச் 31, திங்கள் அன்று பெருநாள். எதுவும் கெட்டுப்போகவில்லை.

நான் இப்போதெல்லாம் ரமலான் தொடங்கியதும் ஒரு தாளில் கோடு போட்டு மூன்று பத்தி எழுதி, ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டிவிடுவேன். முதல் பத்தி தேதியும் கிழமையும். இரண்டாவது, இன்றைய நோன்பு எத்தனை. மூன்றாவது, இன்று மாலை எத்தனையாவது இரவு. மூன்றாவது பத்தியின் எண் எப்போதும் இரண்டாவதைவிட ஒன்று கூடுதலாக இருக்க வேண்டும். இரண்டும் ஒன்றாக இருந்தால் எங்கேயோ தப்பு செய்திருக்கிறீர்கள். மூன்றாவது பத்தியில் 21 முதல் 29 வரையுள்ள ஒற்றை எண்களுக்கு மட்டும் பச்சை மையில் வட்டம்.

ஏன் கடைசிப் பத்து, ஏன் ஒற்றை?

இதற்குப் பதில் ஒரு மழை இரவில் இருக்கிறது. அபூ ஸஈத் அல்குத்ரீ (ரலி) சொல்லும் செய்தி இது, புகாரியில் இருக்கிறது. நபிகள் நாயகம் (ஸல்) ஒரு ரமலானில் நடுப் பத்தில் இஃதிகாஃப் இருந்தார்கள், தோழர்களும் உடன் இருந்தார்கள். 20ஆம் நாள் காலையில் நபியவர்கள் பேசினார்கள். அந்த இரவு எனக்குக் காட்டப்பட்டது, பிறகு மறக்கடிக்கப்பட்டுவிட்டது. கடைசிப் பத்தின் ஒற்றை இரவுகளில் அதைத் தேடுங்கள். நான் தண்ணீரிலும் சேற்றிலும் ஸஜ்தா செய்வதாகக் கண்டேன் என்றார்கள். அப்போது வானத்தில் ஒரு துண்டு மேகம்கூட இல்லை. பிறகு மேகம் திரண்டு மழை கொட்டியது. பள்ளியின் கூரை பேரீச்ச ஓலை, ஒழுகியது. தொழுகை முடிந்து திரும்பிய நபியவர்களின் நெற்றியில் சேற்றின் அடையாளத்தைப் பார்த்ததாக அபூ ஸஈத் சொல்கிறார். அது 21ஆம் இரவின் விடியல்.

இதே சேறும் தண்ணீரும் 23ஆம் இரவில் நடந்ததாக இன்னொரு தோழர், அப்துல்லாஹ் இப்னு உனைஸ் (ரலி) சொல்வது முஸ்லிமில் இருக்கிறது. அதே நூலில் உபை இப்னு கஅப் (ரலி) அது 27தான் என்று சத்தியமிட்டே சொல்கிறார். மூன்று பேருமே பெருமானாரின் தோழர்கள். எது சரி என்று தெரியாமல் குழம்புவதற்குப் பதில், உலமாக்களில் பலர் இப்படிச் சொன்னார்கள்: அந்த இரவு எல்லா வருடமும் ஒரே எண்ணில் நிற்க வேண்டியதில்லை, இடம் மாறிக்கொண்டே இருக்கலாம். ஒரு வருடம் 21, இன்னொரு வருடம் 27.

மறைக்கப்பட்டது ஏன் என்பதற்கும் ஒரு செய்தி உண்டு. அதைச் சொல்பவர் உபாதா இப்னு ஸாமித் (ரலி). எந்த இரவு என்று அறிவிக்கவே நபியவர்கள் வெளியே வந்தார்கள். அந்த நேரம் பார்த்து இரண்டு பேர் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். அந்த அறிவு உயர்த்தப்பட்டுவிட்டது. அதுவே உங்களுக்கு நன்மையாக இருக்கலாம், ஒன்பதிலும் ஏழிலும் ஐந்திலும் தேடுங்கள் என்றார்கள். பள்ளிவாசலில் இடம் பிடிப்பதற்கும் ஏசி ஓடுவதற்கும் தகராறு நடக்கும்போதெல்லாம் எனக்கு இந்த இரண்டு பேர்தான் நினைவுக்கு வருவார்கள்.

ஒற்றைக்குக் காரணமாக "அல்லாஹ் ஒற்றையானவன், ஒற்றையை விரும்புகிறான்" என்ற ஹதீஸைச் சிலர் சொல்வார்கள். அந்த ஹதீஸ் சரியானதுதான். ஆனால் லைலத்துல் கத்ர் பற்றிய இந்தச் செய்திகளில் அது காரணமாகச் சொல்லப்படவில்லை. நேரடியான காரணம் எளிமையானது: ஒற்றையில் தேடச் சொன்னார்கள், தேடுகிறோம்.

சரி, இங்கேதான் யாரும் அவ்வளவாகச் சொல்லாத ஒன்று வருகிறது. ஒன்பது, ஏழு, ஐந்து என்று சொன்னார்களே, அது எங்கிருந்து எண்ணுவது? இப்னு அப்பாஸ் (ரலி) அறிவிப்பில் "ஒன்பது மீதமிருக்கும்போது, ஏழு மீதமிருக்கும்போது, ஐந்து மீதமிருக்கும்போது" என்று வருகிறது. அதாவது மாதக் கடைசியிலிருந்து பின்னோக்கி எண்ணுகிறோம். மாதம் 29 என்றால் 21ஆம் இரவையும் சேர்த்து எண்ணினால் மீதம் ஒன்பது இரவுகள். ஒற்றைதான், பிரச்சினை இல்லை. மாதம் 30 என்றால்? ஒன்பது மீதமிருப்பது 22ஆம் இரவில். ஏழு மீதமிருப்பது 24இல். பின்னாலிருந்து எண்ணினால் ஒற்றை, முன்னாலிருந்து எண்ணினால் இரட்டை! அபூ ஸஈத் (ரலி) அவர்களிடமே இதைக் கேட்டபோது 21 கழிந்து அடுத்து வரும் 22தான் அந்த "ஒன்பதாவது" என்று விளக்கியதாக முஸ்லிமில் வருகிறது.

மாதம் 29ஆ 30ஆ என்பது 29ஆம் நோன்பைத் திறக்கும் மாலைவரை யாருக்கும் தெரியாது. அதற்குள் ஒன்பது இரவுகள் போயிருக்கும். அதனால்தான் ஒற்றை இரவுகளில் கூடுதலாகத் தேடு, இரட்டையை அடியோடு விட்டுவிடாதே என்று இப்னு தைமிய்யா போன்றவர்கள் எழுதினார்கள். என் வழியும் அதுதான். பத்து இரவிலும் செய்துவிடக்கூடிய ஒரு சிறிய அளவை வைத்துக்கொள்வேன், பச்சை வட்டம் போட்ட ஐந்து இரவுகளில் அதை நீட்டுவேன். அந்த முதல் வருடம் தவறுதலாக 22ஆம் இரவில் உட்கார்ந்தது முற்றிலும் வீண் என்று இப்போது நான் சொல்ல மாட்டேன்.

27 மட்டும் போதுமா?

பெங்களூரில் 27ஆம் இரவு தெருவே மாறிவிடும். சீரியல் விளக்கு, மிட்டாய், வரிசை வரிசையாக பைக்குகள். பல பள்ளிகளில் தராவீஹில் குர்ஆனை ஓதி முடிப்பதும் அன்றுதான். புதிதாக வருபவர் அந்த ஒரு இரவுதான் லைலத்துல் கத்ர் என்று எண்ணிவிடுவதில் ஆச்சரியமில்லை.

27க்கு உபை (ரலி) அவர்களின் சத்தியம் வலுவான ஆதாரம். அல்கத்ர் அத்தியாயத்தில் "லைலத்துல் கத்ர்" என்ற சொல் மூன்று முறை வருகிறது, அதற்கு ஒன்பது எழுத்து, பெருக்கினால் 27 என்று சொல்வதெல்லாம் ரசிக்கலாம், ஆதாரமாக்க முடியாது. எங்கள் பக்கத்துக் கடற்கரை ஊர்க்காரர்கள் ஷாஃபிஈ மத்ஹபு. இமாம் ஷாஃபிஈயோ அந்த மழை ஹதீஸை வைத்து 21ஆம் இரவின் பக்கம்தான் சாய்ந்தார். அந்த இரவில் உங்கள் பள்ளியில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று ஒருமுறை எண்ணிப் பாருங்கள்.

உபை சொன்ன அடையாளம் ஒன்று உண்டு: மறுநாள் காலைச் சூரியன் கதிர்கள் இல்லாமல் உதிக்கும். இதை வைத்து வருடா வருடம் சூரியனைப் படம் எடுத்து அனுப்புவார்கள். மார்ச் மாதப் பெங்களூரில் கட்டிடங்களுக்கு நடுவே, புழுதி மண்டிய அடிவானத்தில், செல்போன் கேமராவில் எந்த நாளும் சூரியன் வெளிறித்தான் தெரியும். தவிர, அந்த அடையாளம் வரும்போது இரவு முடிந்துவிட்டிருக்கும். எந்த இரவில் விழித்திருப்பது என்று தீர்மானிக்க அது உதவாது.

மறுநாள் வேலைக்குப் போக வேண்டிய ஓர் இரவு

மார்ச் 27, 2025 வியாழன் மாலைக்கே வருவோம். வெள்ளிக்கிழமை வேலை நாள். ஆறரைக்கு நோன்பு திறப்பு. விடியல் ஏறக்குறைய 5 மணி. மொத்தம் பத்தரை மணி நேரம். இதை மூன்றாகப் பிரித்தால் ஒரு பங்கு மூன்றரை மணி நேரம். கடைசி மூன்றில் ஒரு பங்கு, அதாவது இரவுத் தொழுகைக்கு மிகச் சிறந்த நேரம், ஒன்றரை மணிக்குத் தொடங்குகிறது. உங்கள் வருடத்தின் மஃரிப், ஃபஜ்ர் நேரத்தைப் போட்டு நீங்களும் இப்படிப் பிரித்துக்கொள்ளலாம்.

நோன்பு திறக்கும்போது கொஞ்சமாகச் சாப்பிடுங்கள். மாஸ்க் ரோட்டில் கபாபையும் ஹலீமையும் ஒரு கை பார்த்துவிட்டு வந்தால் பத்து மணிக்கு மேல் உடம்பு எழாது, அனுபவத்தில் சொல்கிறேன். அந்தப் பக்கம் போக இரட்டை இரவுகூட வேண்டாம், முதல் 20 நாளில் போய்விட்டு வாருங்கள்.

இஷாவை ஜமாஅத்தோடு தொழுங்கள். இதை முதலில் சொல்வதற்குக் காரணம் உண்டு. இஷாவை ஜமாஅத்தாகத் தொழுதவர் பாதி இரவு நின்று வணங்கியவர் போல, ஃபஜ்ரையும் ஜமாஅத்தாகத் தொழுதவர் முழு இரவும் தொழுதவர் போல என்று உஸ்மான் (ரலி) அறிவிக்கும் ஹதீஸ் முஸ்லிமில் இருக்கிறது. இரவு முழுக்க விழிக்க முடியாதவருக்கு, ஷிஃப்ட் முடித்து வருபவருக்கு, கைக்குழந்தை வைத்திருப்பவருக்கு இதுதான் அடித்தளம். விடிய விடிய விழித்திருந்துவிட்டு ஃபஜ்ரில் தூங்கிப்போவதுதான் அன்று நடக்கும் மிகப் பெரிய நஷ்டம். கடமையை விட்டு உபரியைப் பிடித்த கதை அது.

தராவீஹில் இமாம் முடிக்கும்வரை நில்லுங்கள். இமாம் முடித்துத் திரும்பும்வரை அவரோடு தொழுதவருக்கு இரவு முழுதும் நின்ற நன்மை எழுதப்படும் என்று அபூதர் (ரலி) வழியாக திர்மிதியில் வருகிறது. இங்கே பெரும்பாலான பள்ளிகள் ஹனஃபி, 20 ரக்அத். எட்டு முடிந்ததும் நழுவுபவர்கள் நிறைய, அவர்கள் வீட்டில் மீதியைத் தொழலாம்தான், ஆனால் "இமாம் முடிக்கும்வரை" என்பது கைவிட்டுப்போகும். கீழக்கரை, காயல்பட்டினம் பக்கத்திலிருந்து வருபவர்களுக்கு வித்ரில் ஒரு சின்ன அதிர்ச்சி இருக்கும். நம்மூரில் இரண்டு தொழுது ஸலாம் கொடுத்து, பிறகு ஒன்று தொழுவோம். ரமலானின் பின்பாதியில் ருகூஉவிலிருந்து எழுந்து குனூத் ஓதுவோம். இங்கே மூன்றும் ஒரே ஸலாமில், குனூத் மூன்றாவது ரக்அத்தில் ருகூஉக்கு முன்பே, தக்பீர் சொல்லி மெதுவாக ஓதப்படும். தக்பீரைக் கேட்டு ருகூஉக்குக் குனிந்துவிடாதீர்கள். நான் குனிந்திருக்கிறேன்.

பத்தரை மணிக்குப் படுத்துவிடுங்கள். ஒன்றே முக்காலுக்கு அலாரம். மூன்று மணி நேரத் தூக்கம் உடம்புக்குப் போதாது, ஆனால் தொழுகையில் வார்த்தை குழறாமல் இருக்கப் போதும். எழுந்து ஒளூ செய்து, இரண்டிரண்டு ரக்அத்தாகத் தொழுங்கள். மனப்பாடம் உள்ள சிறிய ஸூராக்களே போதும், ஸஜ்தாவை நீளமாக்குங்கள். தொழுகைக்கு வெளியே தமிழில் மனம்விட்டுக் கேளுங்கள். "12 ரக்அத், ஒவ்வொன்றிலும் இத்தனை தடவை இக்லாஸ்" என்று வரும் லைலத்துல் கத்ர் தொழுகை முறைகளை விட்டுவிடுங்கள், அப்படி ஒரு எண்ணிக்கையை நபியவர்கள் இந்த இரவுக்கென்று சொல்லித்தந்ததாக ஆதாரமான ஹதீஸ் கிடையாது.

சொல்லித்தந்தது ஒரு துஆ. அந்த இரவு எது என்று அறிந்தால் என்ன ஓதுவது என்று ஆயிஷா (ரலி) கேட்டார். கிடைத்த பதில் ஒரே வரி: அல்லாஹும்ம இன்னக்க அஃபுவ்வுன், துஹிப்புல் அஃப்வ, ஃபஅஃபு அன்னீ. இறைவா, நீ மன்னிப்பவன், மன்னிப்பதை விரும்புகிறவன், என்னை மன்னித்துவிடு. இதற்கு நேரம், இடம், எண்ணிக்கை எதுவும் இல்லை. மெட்ரோவிலும் சொல்லலாம்.

நாலேகாலுக்கு ஸஹர், விடிந்ததும் ஃபஜ்ர் ஜமாஅத், பிறகு எட்டுவரை தூக்கம். என் மேலாளரிடம் அந்தப் பத்து நாளைக்கு மட்டும் பத்தரைக்கு வருகிறேன், மாலையில் ஈடுகட்டுகிறேன் என்று ரமலானுக்கு முன்பே பேசிவைத்துவிடுவேன். 27 அன்று காலையில் போய்க் கேட்டால் யாரும் தரமாட்டார்கள்.

பத்து நாளும் பள்ளியிலேயே இஃதிகாஃப் இருக்க விடுப்பு கிடைத்தால், 20ஆம் நோன்பன்று சூரியன் மறைவதற்குள் உள்ளே போய்விட வேண்டும். அது முடியாதவர்கள், பள்ளிக்குள் நுழையும்போதே "இங்கே இருக்கும்வரை இஃதிகாஃப்" என்று நிய்யத் வைத்துக்கொள்ளலாம். உபரியான இஃதிகாஃபுக்குக் குறுகிய நேரமும் போதும்.

பெண்களுக்கு ஒன்று. பெங்களூரில் எல்லாப் பள்ளிகளிலும் பெண்களுக்கு இடம் இல்லை, சிலவற்றில் ரமலானில் மட்டும் ஏற்பாடு இருக்கும். அதை முன்பே விசாரித்துவைப்பது நல்லது. அறையிலேயே தொழுதாலும் எந்தக் குறையும் இல்லை. மாதவிலக்கு வந்துவிட்டதென்று என் லாத்தா ஒரு வருடம் 25ஆம் இரவில் போனில் அழுதார். உம்மா சொன்ன பதில்: "தொழுகைதானே இல்லை, வாய் இருக்குல்ல?" தொழுகையும் நோன்பும் இல்லாவிட்டாலும் திக்ரு, துஆ, ஸலவாத்து, இஸ்திக்ஃபார், ஓதுவதைக் கேட்பது, ஸதகா எல்லாமே திறந்திருக்கின்றன. ஆயிஷாவுக்குச் சொல்லித்தந்த அந்த ஒரு வரிக்கு ஒளூகூட நிபந்தனை இல்லை.

29ஆம் இரவு

27 முடிந்ததும் பள்ளியில் ஸஃப்பு பாதியாகக் குறையும். குர்ஆன் ஓதி முடித்தாயிற்று, மிட்டாய் கொடுத்தாயிற்று, கூட்டம் சிவாஜிநகருக்கும் கமர்ஷியல் ஸ்ட்ரீட்டுக்கும் துணி எடுக்கப் போய்விடும். ஊருக்குப் பஸ் ஏறுபவர்களும் அந்த இரவில்தான் ஏறுகிறார்கள். பஸ்ஸில் இருப்பவர் இருக்கையிலேயே துஆவைத் தொடரலாம். பயணி என்பதால் இரவு அவரை விட்டுப் போவதில்லை. ஃபஜ்ருக்கு எங்கே நிறுத்துவார்கள் என்று மட்டும் ஏறும்போதே ஓட்டுநரிடம் கேட்டுவைத்துக்கொள்ளுங்கள்.

29ஆம் நோன்பைத் திறந்ததும் மொட்டை மாடிக்கு ஏறி மேற்கே பாருங்கள், அப்புறம் பள்ளி அறிவிப்புக்குக் காத்திருங்கள். பிறை இல்லை என்றால் அன்று 30ஆம் இரவு, தராவீஹ் உண்டு, தாளில் ஒரு வரி பாக்கி. பிறை வந்துவிட்டால் பெருநாள் தொழுகைக்கு முன் ஃபித்ராவைக் கொடுத்துவிட வேண்டும். ஃப்ரிட்ஜ் கதவில் இருக்கும் தாளை அதற்குப் பிறகு கிழித்துக்கொள்ளலாம்.